ஹேட் பீன் மிஸ்

எங்கள் பயிற்சி மையத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹேட் பீன் மிஸ் என்றால்தான் தெரியும். போனில் விசாரிக்கிறவர்கள்கூட, "அந்த ஹேட் பீன் மிஸ் கிளாஸ் எப்போ ஆரம்பிக்குது?" என்றுதான் கேட்பார்கள். நான் அங்கே முன்மேசையில் உட்கார்ந்திருந்தேன். அட்மிஷன், வருகைப் பதிவு, ஜெராக்ஸ், போன், குடிதண்ணீர் கேன் வரவில்லை என்றால் சண்டை போடுவது, எல்லாம் என் தலையில்தான். மையம் ஒரு டயர் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருந்தது. ஒரே பெரிய கூடத்தை பிளைவுட் வைத்து மூன்றாகத் தடுத்திருந்தார்கள். தடுப்பு கூரை வரைக்கும் போகாது. அதனால் ஒன்பது வருஷம் அவர் நடத்திய பாடம் மொத்தமும் என் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தைக் கண்டால் எனக்குக் குலை நடுங்கும். அவர் புண்ணியத்தில் அந்த ஒரு பாடம் மட்டும் எனக்கு அத்துப்படி.

ஆரம்பத்தில் அதை அவர் நடத்திய விதமே வேறு. வகுப்பு தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகும், மிஸ் வரமாட்டார். பிறகு மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்கும். நாற்பது வயசு தாண்டிய, கொஞ்சம் கனத்த உடம்புக்காரி, கீழே தெருவிலிருந்தே ஓடி வந்து வகுப்புக்குள் நுழைவார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். பேச முடியாமல் சாக்பீஸை எடுத்து போர்டில் எழுதுவார்: I was out of breath because I had been running.

"நான் இப்போ எப்படி இருக்கேன்?"

"மூச்சு வாங்குது மிஸ்."

"ஏன்?"

"ஓடி வந்தீங்க."

"நீங்க ஓடினதைப் பாத்தீங்களா?"

"இல்ல மிஸ்."

"அப்புறம் எப்படித் தெரியும்?"

சிரிப்பு எழும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லுவார். "நீங்க பாக்கறது மூச்சிரைப்பை. ஓட்டம் அதுக்கும் முன்னாடி. அதுவும் ஒரு நொடியில முடிஞ்சு போன விஷயம் இல்ல, கொஞ்ச நேரம் நடந்துக்கிட்டே இருந்திருக்கு. அதோட தடயம் என் மேல அப்படியே இருக்கு. இதை நான் இப்பவே சொன்னா ஹேவ் பீன். நாளைக்கு நீங்க வீட்ல போய், 'எங்க மிஸ்ஸுக்கு மூச்சு வாங்குச்சு, ஏன்னா அவங்க ஓடிக்கிட்டு இருந்திருக்காங்க'ன்னு கதை சொன்னா, ஹேட் பீன். நடந்து முடிஞ்ச ஒண்ணுக்கு, அதுக்கும் முன்னாடி நடந்துக்கிட்டு இருந்தது காரணம். புரியுதா?"

புரியாதவர்கள் குறைவு. அடுத்த நாளே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் கோபம் இல்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூடப்பிறந்த அக்காவோடு இரண்டு அறை வீட்டில் இருந்தார். அக்கா துணி ஆல்டர் செய்கிறவர். பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பருத்துப்போனவர்களுக்கு இடுப்பு பிரித்துத் தைப்பது. வாய் அதிகம். "ஊர்ல பாதிப் பேரு எவ்வளவு தொப்பை போட்டிருக்கான்னு எனக்குத் தெரியும். இவளுக்கு அவங்க இங்கிலீஷ்ல எவ்வளவு ஓட்டைன்னு தெரியும். ரெண்டு பேரும் வெளிய சொல்லாம இருக்கறதாலதான் ஊர் நல்லா இருக்கு" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவதுண்டு. அக்கா மிஷினை மிதிக்க, மிஸ் தரையில் உட்கார்ந்து பயிற்சித் தாள் தயார் பண்ணிக்கொண்டிருப்பார். வாக்கியத்தில் ஒரு கோடு, அதன் கீழே ஒரு வினைச்சொல். அதைச் சரியான காலத்தில் மாற்றிக் கோட்டில் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்.

எல்லாம் நாலு வருஷத்துக்கு முன்னால் மாறியது.

அரசு மருத்துவமனைகளுக்கு நர்ஸ் எடுக்கும் தேர்வில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கினார்கள். நர்சிங் கேள்விகளில் எவ்வளவு எடுத்தாலும் சரி, ஆங்கிலத்தில் இருபதுக்குப் பன்னிரண்டு எடுக்கவில்லை என்றால் பட்டியலில் பேர் வராது. இருபதும் கோடிட்ட இடம் நிரப்புதல். கூட்டம் அலைமோதியது. எங்கள் மையத்தின் முதலாளியை டைரக்டர் சார் என்போம். நல்ல மனுஷன்தான், ஆனால் எதையும் பாதி விலைக்குக் கேட்கிற சுபாவம். அறுபது மணி நேர வகுப்பை இருபது மணி நேரமாக்கினார். பழைய வினாத்தாள்களைக் கொண்டுவந்து மிஸ் முன்னால் போட்டார்.

"பாருங்க மிஸ். எந்த வருஷத்து பேப்பரை எடுத்தாலும் சரி, பிகாஸ் வந்த எல்லாக் கேள்விக்கும் விடை ஹேட் பீன்தான். களைப்பா இருந்தா ஏன்னா வேலை செஞ்சுக்கிட்டிருந்தா. கண்ணு சிவந்திருந்துச்சு ஏன்னா அழுதுக்கிட்டிருந்தா. வேற ஒண்ணுமே வரல. பிகாஸைப் பாத்தா ஹேட் பீன் போடு, ஐஎன்ஜி ஒட்டு. ஒரே வரி. இதுக்கு எதுக்கு ஆறு வகுப்பு?"

"அது விதி இல்ல சார். தற்செயல். எல்லா வினைச்சொல்லுக்கும் ஐஎன்ஜி ஒட்டாது. ஒரே தடவை நடந்து முடிஞ்சதுக்கு ஒட்டாது. எத்தனைன்னு எண்ணிச் சொன்னாலும் ஒட்டாது."

"பரீட்சையில அது வருதா?"

"இதுவரைக்கும் வரல."

"வராததை எதுக்கு நடத்தணும்?"

இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது. மூன்றாம் நாள், இந்த வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாக டைரக்டர் என்னிடம் உரக்கச் சொன்னார். பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் மிஸ் இருப்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு மாலை முதல் தடவையாக அந்த ஒற்றை வரி போர்டில் ஏறியது. படியில் ஓடி வருவது நின்றது. அதற்கு நேரமில்லை.

பொய் சொல்லக் கூடாது, அந்த வரி பலித்தது. முதல் வருஷம் முப்பது பேரில் இருபத்திரண்டு பேர். இரண்டாம் வருஷம் இன்னும் அதிகம். மாடிப்படி முகப்பில் மிஸ்ஸின் போட்டோவோடு பேனர் வைத்தார்கள். தேர்வானவர்கள் வந்து அவர் கையைப் பிடித்து அழுதார்கள். மிஸ்ஸுக்கே மெல்ல மெல்ல அந்த வரி பிடித்துப்போனது என்றுதான் எனக்குத் தோன்றியது. வகுப்பில் ஒரு தாளம்போட்டுச் சொல்ல வைப்பார். பிள்ளைகள் கோரஸாகச் சொல்லும்போது பிளைவுட் அதிரும்.

சிஸ்டர் வந்து சேர்ந்தது நாலாவது வருஷம். மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசுப் பெண்கள். இவருக்கு முப்பத்தொன்பது முடியப்போகிறது. ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பதினாலு வருஷமாகத் தற்காலிக ஊழியர். டியூட்டி முடித்து நேராக வருவார். யூனிஃபார்மை மறைத்து ஒரு சால்வை போர்த்தியிருப்பார். எல்லாருமே நர்ஸ்கள்தான் என்றாலும் சிஸ்டர் என்றால் அந்த வகுப்பில் அவர் ஒருத்தர்தான். அட்மிஷன் பாரம் நிரப்பும்போது என்னிடம் சொன்னார்.

"நாப்பது வயசு வரைக்கும்தான் எழுத முடியும். எனக்கு இது ஒண்ணுதான் சான்ஸு."

"கிடைச்சிடும் சிஸ்டர். உங்க அனுபவத்துக்கு."

"சம்பளத்துக்காக இல்லம்மா. குவார்ட்டர்ஸ் தருவாங்க. கீழ்த்தளத்துல கேட்டு வாங்கலாம்."

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும்போது விழுந்து முதுகுத்தண்டில் அடி. வீடு மூன்றாவது மாடி, அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டினாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சக்கர நாற்காலி இருக்கிறது, ஆனால் படியில் இறங்க நாலு ஆள் வேண்டும். மனுஷன் தெருவில் இறங்கிப் பதினோரு மாசம் ஆகியிருந்தது.

சிஸ்டர் படிப்பில் கெட்டி. நர்சிங் கேள்விகளில் இளசுகளுக்கே அவர்தான் சொல்லிக் கொடுப்பார். ஆங்கிலம்தான் சின்ன வயசில் படித்தது, துருப்பிடித்துக் கிடந்தது. ஆனாலும் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு நாள் வகுப்பு நடுவே அவர் குரல் கேட்டது.

"மிஸ், ஒரு சந்தேகம். நோ-ன்னு ஒரு வார்த்தை வந்தா, 'தெரியும்'ங்கற அர்த்தத்துல, அதுக்கும் ஐஎன்ஜி போடணுமா? போடக் கூடாதுன்னு எங்க டீச்சர் அடிச்சுச் சொல்லிக்கொடுத்த ஞாபகம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். டைரக்டர் அந்த வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார், புதுசாகச் சேர வந்த இரண்டு பேருக்கு வகுப்பைக் காட்டிக்கொண்டு. மிஸ் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது. ரொம்ப நேரம் இல்லை. நான் ஒரு தாளை ஜெராக்ஸ் மிஷினில் வைத்து மூடுகிற நேரம்.

"பரீட்சைக்கு அதெல்லாம் வராது சிஸ்டர். குழப்பிக்காதீங்க. பிகாஸைப் பாத்தா?"

"ஹேட் பீன்" என்றது வகுப்பு.

"அப்புறம்?"

"ஐஎன்ஜி!"

சிஸ்டரும் சேர்ந்துதான் சொன்னார்.

அந்த வருஷம் கேள்வி எடுத்தவர் யாரோ, புது ஆள். பிகாஸ் வைத்து ஒன்பது வாக்கியம் கேட்டிருந்தார். நாலுக்குத்தான் ஹேட் பீன். மற்ற ஐந்தும் வேறு. தேர்வு முடிந்து வெளியே வந்த பெண்கள் ரொம்ப சுலபம் என்று போன் பண்ணினார்கள். ஒன்பதுக்கும் ஒரே மாதிரி போட்டுவிட்டோம் என்றார்கள். மிஸ்ஸிடம் சொன்னேன். "நல்லது" என்றார். அடுத்த வாரம் விடைக்குறிப்பை வெளியிட்டார்கள். ஆட்சேபணை இருந்தால் ஐந்து நாளுக்குள் எழுதலாம் என்று அடியில் போட்டிருந்தது. நான்தான் பிரிண்ட் எடுத்து மிஸ் மேசையில் வைத்தேன். புது வகுப்புக்கு அட்மிஷன் நடந்துகொண்டிருந்த சமயம். "அப்புறம் பாக்கறேன்" என்றார். அதன் மேல் நான் பாரங்களை அடுக்கினேன். ஐந்து நாளும் அது அடியில் கிடந்தது.

முடிவு வந்தபோது பதினேழு பேரில் மூன்று பேர் தேறியிருந்தார்கள்.

சிஸ்டர் நர்சிங்கில் எண்பதுக்கு எழுபத்தொன்று. நர்சிங் மார்க்கை மட்டும் பார்த்தால் மொத்தத்தில் ஐந்தாவது இடம். ஆங்கிலத்தில் பதினொன்று.

விடைத்தாள் நகல் கேட்டு வாங்கலாம். சிஸ்டர் வாங்கி எடுத்துக்கொண்டு நேராக மையத்துக்கு வந்தார். அன்றைக்கு வகுப்பு இல்லை, நானும் மிஸ்ஸும் மட்டும்தான். தாளை என் மேசையில் விரித்தார். நீலப் பேனா, அழகான கையெழுத்து. மூன்று இடத்தில் அடித்தல் இருந்தது.

முதலாவது: She recognised the voice at once because she ____ the man for ten years. அந்தக் குரலை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள், பத்து வருஷமாக அவனைத் தெரியும் என்பதால். கோட்டின் மேல் had known என்று எழுதி, ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் had been knowing என்று எழுதியிருந்தது.

இரண்டாவது, சாவி தொலைந்ததால் வீட்டுக்குள் போக முடியாதது. had lost அடிக்கப்பட்டு had been losing. மூன்றாவது, யாரும் நம்பாததால் வருத்தப்பட்ட ஒருத்தி. had believed அடிக்கப்பட்டு had been believing.

மூன்று இடத்திலும் அடித்ததுதான் சரியான விடை.

மிஸ் தாளைத் தொடவில்லை. நின்றபடியே பார்த்தார். சிஸ்டரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

"எனக்குத் தெரிஞ்சதை அழிச்சுட்டு நீங்க சொன்னதை எழுதினேன் மிஸ்."

முதல் அடித்தல் மேல் விரலை வைத்தார்.

"அன்னிக்குக் கேட்டேனே. கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்தானே, அது தப்புன்னு?"

"தெரியும்" என்றார் மிஸ்.

"அதைத்தான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கப் போனார். மிஸ் பின்னாலேயே ஓடினார். மாடிப்படியில் இரண்டு பேர் குரலும் கேட்டது, வார்த்தை புரியவில்லை. திரும்பி வந்தபோது மிஸ் கையில் விடைத்தாள் நகல் இருந்தது.

"ஒரு மார்க். ஒரே ஒரு மார்க் போதும்" என்று என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். பிகாஸ் இல்லாத கேள்விகளில் போன நாலு மார்க்கில் வாதாட ஒன்றுமில்லை; பிகாஸ் வந்த ஐந்து தப்பையும் வரிசையாகப் பார்த்தார். மூன்றுக்கு வழியே இல்லை. தெரிந்திருப்பதும் நம்புவதும் ஒரு நிலை, கொஞ்ச நேரம் செய்துகொண்டிருக்கிற காரியம் இல்லை. சாவி தொலைவது ஒரே தடவை. நாலாவதில், ஒருவன் ஆறு கடிதம் எழுதி முடித்த திருப்தியில் இருக்கிறான். ஆறு என்று எண்ணிக்கை சொன்ன பிறகு எழுதிக்கொண்டிருந்தான் என்று போட முடியாது, had written தான். ஐந்தாவதில் விரல் நின்றது.

He felt sick because he ____ too many sweets. அளவுக்கு மீறி இனிப்பு தின்றதால் குமட்டியது. விடைக்குறிப்பு had eaten என்றது. சிஸ்டர் had been eating என்று எழுதியிருந்தார்.

"இது தப்பில்ல" என்றார் மிஸ். "தின்னு முடிச்சதைச் சொன்னா ஹேட் ஈட்டன். தின்னுக்கிட்டே இருந்ததைச் சொன்னா ஹேட் பீன் ஈட்டிங். ஆறு இனிப்பு, எட்டு இனிப்புன்னு கணக்கு சொல்லல, அளவுக்கு மீறின்னுதான் சொல்லியிருக்கு. ரெண்டும் சரி. எந்த இலக்கணப் புஸ்தகத்தை வேணும்னாலும் எடுத்துட்டு வரச் சொல்லு."

அங்கேயே உட்கார்ந்து ஆங்கிலத்தில் மனு எழுத ஆரம்பித்தார். இரண்டாவது பத்தியில், மற்ற விடைகள் தவறியதற்கு மாணவி காரணம் இல்லை என்று சொல்ல வந்தார். The candidate failed because she had been bel, அதோடு பேனா நின்றது. நாலு வருஷம் கோரஸ் போட்ட கை, தானாகவே அங்கே போய்விட்டது. அடித்துவிட்டு had believed her teacher என்று எழுதினார். பிறகு அந்தத் தாளையே கசக்கிவிட்டு வேறு தாளில் முதலிலிருந்து எழுதினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேர்வு அலுவலகத்துக்கு மூன்று பேரும் போனோம். நீளமான தாழ்வாரம், கதவுக்குக் கதவு ஆள் பேர் பலகை, பெஞ்சில் எங்களைப் போல இருபது பேர். சிஸ்டர் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, யாரோ ஒரு அம்மா கைக்குழந்தையோடு வர, இடம் விட்டு எழுந்து நின்றார். அதிகாரி மனுவைப் படித்தார். அலட்சியமான ஆள் இல்லை. பக்கத்து அறையிலிருந்து ஒரு ஆங்கிலப் பேராசிரியரைக் கூப்பிட்டனுப்பினார், வினாக்குழுவில் இருந்தவராம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வாக்கியத்தை இரண்டு தடவை படித்தார்.

"மேடம் சொல்றது நியாயம். ரெண்டும் வரும். நாங்க ஒண்ணைத்தான் யோசிச்சோம்."

மிஸ் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "ஆட்சேபணைக்கு அஞ்சு நாள் குடுத்தோமேம்மா. இந்தக் கேள்விக்கு ஒருத்தர்கூட எழுதல. அப்போ ஒரு வரி எழுதியிருந்தா எல்லாருக்கும் திருத்தியிருப்போம்."

"இப்போ எழுதியிருக்கேனே சார்."

"இப்போ இந்த ஒரு மார்க்கைக் குடுத்தா, இதே மாதிரி எழுதின எழுபத்து மூணு பேருக்குக் குடுக்கணும். பட்டியல்ல கையெழுத்தாகி ஆர்டர் போயாச்சு. பாதிப் பேர் வேலையில சேந்துட்டாங்க. யாரை எழுப்பிவிட்டு இவங்களை உட்கார வைக்கறது?"

"அடுத்த தடவை எழுதட்டும்" என்றார் பேராசிரியர், ஆறுதலாக.

"அவங்களுக்கு வர்ற மாசம் நாப்பது முடியுது சார்."

பேராசிரியர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். அதிகாரி மனுவில் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி ஒரு நகலைக் கொடுத்தார். அதைத்தான் அவரால் கொடுக்க முடிந்தது.

வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில், சிஸ்டர் நகலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். "எனக்கு டியூட்டி இருக்கு" என்றார். மிஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பஸ் வந்துவிட்டது. சிஸ்டர் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வகுப்பில் மிஸ் போர்டைச் சுத்தமாகத் துடைத்தார். "போன வருஷம் வரைக்கும் நான் ஒரு வரி சொல்லிக்கொடுத்தேன். அது தப்பு. தெரிஞ்சேதான் சொன்னேன்" என்று ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொரு வாக்கியமாக எடுத்தார். இது நீண்டு நடக்கிற காரியமா, சட்டென்று முடிகிறதா? எண்ணிச் சொல்லியிருக்கா? செயலா, வெறும் நிலையா? ஒன்றைப் பார்த்து முடிவு பண்ணவே பத்து நிமிஷம் ஆனது. பிள்ளைகள் நெளிந்தார்கள்.

"மிஸ், கடைசியில ரூல் என்ன? அதை மட்டும் சொல்லிடுங்க, எழுதிக்கறோம்" என்றாள் ஒருத்தி.

"ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும். அதான் ரூல்."

மறுநாள் ஏழு பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு மையத்தில் சேர்ந்துவிட்டார்கள், அங்கே அதே ஒற்றை வரிதான், இரண்டு விதிவிலக்கோடு. டைரக்டர் மிஸ்ஸைக் கூப்பிட்டார். கத்தவில்லை.

"பசங்க பாஸாகறதுக்கு வழி கேட்டு வர்றாங்க மிஸ். நீங்க அவங்ககிட்ட பாவமன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுங்க."

அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. பேனரைக் கழற்றும் வேலை என்னிடம் வந்தது. ஒரு மூலையில் கயிறு அவிழாமல், கத்தரிக்கோலால் அறுத்தேன். சுருட்டி ஸ்டூலுக்கு அடியில் வைத்தேன். பிறகு அதை யாரோ மழைக்கு டயர் மேல் போர்த்தினார்கள்.

மிஸ் வீட்டிலேயே கிடந்தார். அக்கா ஆரம்பத்தில் கிண்டல் பண்ணிப் பார்த்தார், பிறகு திட்டிப் பார்த்தார். "ஒரு சட்டை இறுக்கமாப் போச்சுன்னா பிரிச்சுத் தைப்பேன்டி. நீ தையலுக்கு இடமே விடாம வெட்டிட்டு வந்து நிக்கறியே" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, சொன்னதற்காக அவரே அடுப்படிக்குப் போய் அழுதார். மிஸ் தினமும் வாக்கியங்கள் எழுதிக்கொண்டிருந்தார். சரியான பயிற்சித் தாள். இருநூறு வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஏன் இந்த விடை, இன்னொன்றும் வருமா, வராதா என்று விளக்கம். முடித்ததும் ஜெராக்ஸ் போட்டு நாலு மையத்துக்குக் கொண்டுபோனேன். ஒருத்தர் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று பேர், இவ்வளவு நீளம் யார் படிப்பா என்றார்கள்.

சிஸ்டர் வீட்டுக்கும் ஒரு தடவை போனார். மூன்று மாடி ஏறியிருக்கிறார். கதவைத் திறந்தது பள்ளிக்கூடத்துப் பெண், அவர் மகள். அம்மா இல்லை என்றிருக்கிறாள். உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் ஒருத்தர் திரும்பி, "யாரும்மா?" என்று கேட்டிருக்கிறார். மிஸ் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டார். இதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. "என்னன்னு சொல்றது? உங்களை மேலேயே வெச்சது நான்தான்னா?"

போன மாசம் அக்காவுக்கு விரலில் மிஷின் ஊசி இறங்கிவிட்டது. நகத்தைத் துளைத்து உள்ளே முனை உடைந்து நின்றது. மிஸ் போன் பண்ண, நான் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினேன். கிட்டே இருந்தது அந்த நர்சிங் ஹோம்தான். வேறு இடம் போகலாம் என்று மிஸ் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அக்காவும் இல்லை.

காயம் கட்டும் அறையில் சிஸ்டர் இருந்தார். எங்களைப் பார்த்தார். தெரிந்துகொண்டார், அதில் சந்தேகமில்லை. அக்காவை உட்கார வைத்து, கையைத் தட்டில் நீட்டச் சொல்லி, வெளிச்சத்தைத் திருப்பினார்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

"அரை மணி நேரம் இருக்கும் சிஸ்டர்" என்றார் மிஸ்.

"சுகர் இருக்கா?"

"இல்ல."

"டிடி ஊசி எப்போ போட்டீங்க?"

மிஸ்ஸுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. சிஸ்டர் மரத்துப்போகிற ஊசி போட்டார், டாக்டர் வந்து முனையை எடுக்கும்வரை அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்தப் பக்கம் பாருங்க அக்கா. இவ்வளவுதான். முடிஞ்சிருச்சு" என்று அன்பாகத்தான் பேசினார். கட்டு போட்ட கை அவ்வளவு சுத்தம், அவ்வளவு பதவிசு. மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். மிஸ்ஸிடம்தான் சொன்னார், கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார், முன்பின் தெரியாத ஒரு நோயாளியின் தங்கையிடம் சொல்கிற மாதிரி.

அக்காவை நான் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தேன். மிஸ் வாசற்படியில் நின்றார். ஒரு திட்டு, ஒரு குத்தல், எதுவாக இருந்தாலும் சரி, வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றார் என்று நினைக்கிறேன்.

"சிஸ்டர்..." என்றார்.

சிஸ்டர் கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். சீட்டைப் பார்த்தார்.

"அடுத்தது யாரு? உள்ள வாங்க."

தலையில் அடிபட்ட ஒரு ஆளை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மிஸ் ஒதுங்கி வழிவிட்டார்.